நெல்லியை உலர்த்தினால் விட்டமின் சி எவ்வளவு மிஞ்சும்: வெள்ளரிச் சாற்றை வைத்துப் பார்த்த கணக்கு

உலர்த்தும் பெட்டியில் காய்ந்த நெல்லியில் பத்தில் ஆறு பங்கு விட்டமின் சி மிஞ்சியிருந்தது. தகரக் கூரையில் காய்ந்த அதே நெல்லியில் மூன்று பங்குதான். இந்த இரண்டு வரியை நம்பிக்கையோடு எழுத முடிகிற இடத்துக்கு வந்து சேர்வதற்கு முன்னால், இரண்டு நெல்லியும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று சொல்லிய ஒரு பரிசோதனையையும் செய்து முடித்திருந்தேன். அது ஏன் அப்படிச் சொன்னது, எப்படித் திருத்தினேன் என்பதைத்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன். உலர்த்துவது எளிது. மிஞ்சியதை அளப்பதுதான் வேலை.

பண்டாரவளையில் எங்கள் வீட்டுப் பக்கம் நெல்லி மரம் இல்லை. சந்தைக்கு வருவது கீழே பசறை, பிபிலைப் பக்கத்துக் காட்டு நெல்லி. உருவத்தில் சிறியது, துவர்ப்பு அதிகம். மூன்று கிலோ வாங்கினேன், கிலோ 400 ரூபாய்க்கு. கழுவிக் கொட்டை நீக்கிய பிறகு சதை இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேல் நின்றது. வெட்டியது எவர்சில்வர் கத்தியால். இரும்பு அரிவாள்மனையில் நறுக்கிய நெல்லி வெட்டிய இடத்தில் கருநீலமாகிவிடும். அது அழுகல் அல்ல, நெல்லியின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்த கறை. பழைய காலத்து எழுதும் மையே இந்த முறையில் செய்ததுதான். கறை பார்வைக்குத்தான் கெடுதல், ஆனால் இரும்பும் செம்பும் விட்டமின் சியை ஒட்சிசனோடு சேர விரைவுபடுத்தும். அதனால் இந்த வேலை முழுவதும் எவர்சில்வரும் கண்ணாடியும் மட்டுமே.

சதையை மூன்று பங்காகப் பிரித்தேன். ஒரு பங்கு தகரக் கூரைக்கு. ஒரு பங்கு பெட்டிக்கு. மூன்றாவது பங்கு சமைத்துப் பார்ப்பதற்கு. புதிய காயை அளப்பதற்கென்று ஒரு கைப்பிடியைத் தனியாக எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன்.

பெட்டியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்த, ஒரு முழ அகலமுள்ள கூடு. அடியில் இரண்டு 60 வாட் குண்டு பல்புகள், பின்பக்கம் பழைய கணினியிலிருந்து கழற்றிய விசிறி, நடுவில் நைலோன் வலை போட்ட மூன்று தட்டுகள், மேலே காற்று வெளியேற இரண்டு விரல் இடைவெளி. செலவு 5,000 ரூபாய்க்குள் முடிந்தது. உள்ளே வெப்பமானி 52 முதல் 56 பாகை வரை காட்டியது. கீழ்த் தட்டு எப்போதும் மேல் தட்டைவிடச் சூடாக இருப்பதால் தட்டுகளை மாற்றி மாற்றி வைக்க வேண்டியிருந்தது. மாலையில் அடுக்கியது மறுநாள் மாலைக்குள் வளைத்தால் ஒடிகிற பதத்துக்கு வந்துவிட்டது.

கூரைப் பங்குதான் இழுத்தது. இங்கே காலையில் நல்ல வெயில் அடித்தாலும் மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிடும். தட்டை உள்ளே எடுப்பதும் வெளியே வைப்பதுமாக ஒரு வாரம் ஓடியது. முதல் இரண்டு நாளும் துண்டுகள் பாதி ஈரத்தில், மென்மையாக, வெட்டுவாய் பழுப்பேறிக் கிடந்தன. இழப்பில் பெரும்பகுதி அந்த இரண்டு நாளில்தான் நடந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. சதையை வெட்டியவுடன் அதிலுள்ள நொதியங்களுக்குக் காற்றும் ஈரமும் ஒன்றாகக் கிடைக்கின்றன. ஈரம் வற்றும் வரை அவை வேலை செய்துகொண்டே இருக்கும். வெயிலின் சூட்டைவிட அந்த இழுபறி நேரம்தான் இங்கே எதிரி.

இரண்டு முறையிலும் 100 கிராம் சதை ஏறக்குறைய 20 கிராமாகச் சுருங்கியது. இந்த விகிதத்தை எழுதிவைக்காமல் மேலே போகக் கூடாது. உலர்ந்த நெல்லிப் பொடியில் 100 கிராமுக்கு இவ்வளவு விட்டமின் சி, அது புதிய காயைவிட அதிகம் என்று சொல்லி விற்கும்போது அந்த எண் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நீர் போய் எடை ஐந்தில் ஒன்றாகிவிட்டால், பாதிச் சத்தை இழந்த நெல்லிகூட எடைக்கு எடை புதியதைவிட இரண்டரை மடங்கு காட்டும். ஆகவே நான் எல்லாவற்றையும் புதிய சதையின் எடைக்கே திருப்பிக் கணக்குப் போட்டேன். புதிய சதை 20 கிராம் எடுத்தால், உலர்ந்ததில் 4 கிராம்.

இனி அளவை. இதற்கு வேண்டிய எல்லாம் மருந்துக்கடையிலும் சமையலறையிலும் கிடைக்கும். பத்து வீதப் பொவிடோன் அயடீன் ஒரு போத்தல், 100 மில்லிகிராம் விட்டமின் சி மாத்திரை ஓர் அட்டை, 10 மில்லிலீற்றர் சிரிஞ்சு இரண்டு, வெள்ளை வினாகிரி, சோளமா. பெட்டியை விட்டுப் பார்த்தால் மொத்தமாக 1,000 ரூபாய் தாண்டவில்லை. அயடீன் வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு முன் கை கழுவுவதற்கென்று சவர்க்காரம் கலந்த ஒரு வகையும் அதே நிறத்தில், அதே மாதிரிப் போத்தலில் இருக்கும். அது நுரைத்துக்கொண்டு எதையும் பார்க்க விடாது. காயத்துக்குப் போடும் வகைதான் வேண்டும்.

செயல்முறை க.பொ.த. உயர்தரத்தில் செய்த நியமிப்புதான். அளவிக்குப் பதில் சிரிஞ்சு, அவ்வளவே. அயடீனை ஒன்றுக்குப் பத்தாக நீர்த்து வைத்துக்கொள்கிறோம். சாற்றில் ஒரு கரண்டி நீர்த்த சோளமாக் கஞ்சியை விட்டு, அயடீனைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். விட்டமின் சி இருக்கும் வரை அது அயடீனை விழுங்கிவிடும். தீர்ந்த பிறகு விழும் அடுத்த சொட்டு மாப்பொருளோடு சேர்ந்து நீலமாகும். முதலில் மாத்திரை ஒன்றை 100 மில்லிலீற்றர் நீரில் கரைத்து அதில் பத்தை எடுத்துப் பார்த்தேன். அதாவது 10 மில்லிகிராம் விட்டமின் சி. அது குடித்தது 15 மில்லிலீற்றர் அயடீன். ஆக, என் போத்தலில் ஒரு மில்லிலீற்றருக்கு 0.67 மில்லிகிராம். போத்தலில் எழுதியிருக்கும் வீதப்படி பார்த்தால் 0.69 வந்திருக்க வேண்டும். திறந்த போத்தலில் அயடீன் மெதுவாகக் குறையும் என்பதால், ஒவ்வொரு முறையும் மாத்திரையை வைத்துத்தான் தொடங்க வேண்டும்.

புதிய நெல்லி 20 கிராமை வினாகிரி கலந்த நீரில் அரைத்து, துணியில் பிழிந்து, மொத்தம் 200 மில்லிலீற்றர் ஆக்கினேன். அதில் 10 மில்லிலீற்றர் என்றால் ஒரு கிராம் சதை. தேசிக்காய் விட்டு அமிலம் சேர்க்கலாமே என்று தோன்றும். கூடாது. அதிலேயே விட்டமின் சி இருக்கிறது. உலர்ந்த நெல்லி 4 கிராமை இதே நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து அரைத்து, அதையும் 200 ஆக்கினேன். இப்போது எந்தக் குவளையில் 10 மில்லிலீற்றர் எடுத்தாலும் அது ஒரு கிராம் புதிய சதைக்குச் சமம்.

புதியது 6.4 மில்லிலீற்றர் குடித்தது. பெட்டியில் காய்ந்தது 4.8. கூரையில் காய்ந்தது 3.9. நூற்றுக்கு எழுபத்தைந்தும் அறுபதும் மிஞ்சியிருக்கின்றன என்று பொருள். ஒரு வாரம் மேகத்தில் நனைந்து பழுப்பேறிய துண்டில் அறுபது வீதமா? அம்மாவுக்கு மட்டும் வியப்பே இல்லை. “துவர்ப்பு இருக்கும் வரைக்கும் நெல்லியில் சத்து இருக்கும், மகன். வாயில் போட்டுப் பார்த்தால் தெரியாதா?” என்றார். வாயில் போட்டுப் பார்த்தேன். துவர்ப்பு துளியும் குறையவில்லை.

அந்தத் துவர்ப்பில்தான் விடை இருந்தது.

புதிய நெல்லியில் சொட்டு விழும்போது ஒரு நீலப் புகை எழும், குவளையைச் சுழற்றினால் சட்டென்று மறையும், கடைசியில் ஒரு சொட்டோடு நின்றுவிடும். உலர்ந்த நெல்லியில் அப்படி நிற்கவில்லை. நீலம் வரும், ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கும், பிறகு ஓரத்திலிருந்து ஊதாவாகிப் பழுப்பாகிக் கரைந்துபோகும். இன்னொரு சொட்டு விட்டால் மறுபடி அதே கதை. விட்டுக்கொண்டே போனால் அது குடித்துக்கொண்டே போகும். விட்டமின் சி இப்படி நிதானமாகக் குடிக்காது, அதற்கு அயடீனோடு வேலை முடிய நொடிகூட ஆகாது. மெதுவாக அயடீனை எடுப்பது வேறொன்று. நெல்லியில் ஏராளமாக இருக்கும் டானின்கள், அதாவது நாக்கை இழுக்கும் அதே துவர்ப்புப் பொருள்கள்தான் அவை. சூட்டுக்கும் காற்றுக்கும் இவை விட்டமின் சியைப் போல விரைவில் அழிவதில்லை. விட்டமின் குறையக் குறைய, அயடீனைக் குடிப்பதில் இவற்றின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. நாக்கும் அயடீனும் ஒரே பொருளைப் பார்த்துவிட்டு, சத்து இருக்கிறது என்று ஒரே தீர்ப்பைச் சொல்லியிருக்கின்றன.

நெல்லிக்கு விட்டமின் சி போகவே போகாது என்ற பேச்சுக்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அந்தப் பேச்சில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. நெல்லிச் சாறு நல்ல புளிப்பு, அமிலத்தில் விட்டமின் சி உறுதியாக நிற்கும். டானின்களும் ஓரளவு காவலாக இருக்கின்றன. அதனால் கீரையைப் போல விறுவிறுவென்று இழப்பதில்லை. ஆனால் மெதுவாக இழப்பதும் இழக்காமல் இருப்பதும் வேறு வேறு. அளவு முறையைப் பொறுத்து எண் எவ்வளவு மாறும் என்பதற்கு இந்தியாவின் உணவுச் சத்து அட்டவணைகளைப் பார்த்தால் போதும். பழைய அட்டவணையில் 100 கிராம் நெல்லிக்கு 600 மில்லிகிராம் என்று இருந்தது. 2017இல் வந்த அட்டவணையில் அது 252. காய்க்குக் காய், வகைக்கு வகை வேறுபாடும் இருக்கும் என்றாலும், பிரித்து அளக்கும் கருவியும் நிறம் பார்த்து அளக்கும் முறையும் ஒரே எண்ணைத் தராது.

ஆகவே எனக்கு வேண்டியது விட்டமின் சியை மட்டும் அழித்து, டானினை விட்டுவைக்கிற ஏதாவது ஒன்று. அது வெள்ளரிக்காயில் இருக்கிறது. வெள்ளரி, பூசணிக் குடும்பத்துக் காய்களில், அதிலும் தோலில், விட்டமின் சியை ஒட்சிசனோடு சேர்க்கிற ஒரு நொதியம் உண்டு. பக்கத்து வீதியில் இரசாயனவியல் படிப்பித்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார், எல்லாரும் சேர் என்றுதான் கூப்பிடுவோம். இந்த நொதியத்தை ஞாபகப்படுத்தியவர் அவர்தான். “பச்சைச் சாறு ஒரு குவளைக்கு, கொதிக்கவைத்த சாறு இன்னொரு குவளைக்கு. இரண்டுக்கும் வித்தியாசம் என்னவோ அதுதான் உமது விட்டமின்” என்றார். கொதித்த சாற்றில் நொதியம் செத்திருக்கும், மற்ற எல்லாம் ஒன்றுதான். வெள்ளரியில் இருக்கும் வேறு எது அயடீனைக் குடித்தாலும் இரண்டு குவளையிலும் ஒரே அளவு குடிக்கும், கழித்தால் போய்விடும். இதைவிட மலிவான ஒரு திருத்தம் எனக்குத் தெரியாது.

முதல் தடவை வித்தியாசமே வரவில்லை. நெல்லியும் வினாகிரியும் சேர்ந்த புளிப்பில் அந்த நொதியம் வேலை செய்யாது. அதற்கு அமிலம் ஏறக்குறைய நீங்கியிருக்க வேண்டும். அப்பச்சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, நுரைப்பது நின்றதும் நிறுத்தினேன். சோடா பட்டவுடன் நெல்லிச் சாறு தேநீர் நிறத்துக்குப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் சோடாவைத் தாராளமாக அள்ளிப் போட்டால் டானினும் காற்றில் கெடத் தொடங்கி, விட்டமினும் தானாகவே அழியும். நுரை நிற்கிற இடம்தான் அளவு.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. டானின் புரதத்தைப் பிடித்து இறுக்கிவிடும், தோலைப் பதப்படுத்துவதே அதனால்தான். நொதியமும் புரதம். வெள்ளரியின் நொதியத்தை நெல்லி பிடித்துவைத்துவிட்டால் வேலை பாதியில் நிற்கும், விட்டமின் மிஞ்சியிருப்பதை டானின் என்று நான் எண்ணிக்கொள்வேன். இதைப் பார்க்க, ஒரு பச்சைச் சாற்றுக் குவளையில் நெல்லியோடு மாத்திரைக் கரைசல் ஐந்து மில்லிலீற்றரையும் சேர்த்துவிட்டுப் பார்த்தேன். வெள்ளரிச் சாறு 10 மில்லிலீற்றர் விட்டபோது அந்த மாத்திரையில் பாதிதான் காணாமல் போனது. சாற்றை 20 ஆக்கி, இருபது நிமிடம் இடையிடையே சுழற்றிக் காற்றுப் படவிட்டதும் முழுவதும் போய்விட்டது. அதன் பிறகு எல்லாக் குவளைக்கும் 20 மில்லிலீற்றர்தான், தோலோடு துருவிப் பிழிந்த சாறு.

நேரம் முடிந்ததும் வினாகிரி 10 மில்லிலீற்றர் விட்டு மறுபடி புளிப்பாக்க வேண்டும். புளிப்பில் டானின் அயடீனை இன்னும் மெதுவாகவே எடுக்கும், நீலத்தைப் பார்ப்பதற்கு அவகாசம் கிடைக்கும். நீலம் வந்து, ஐந்து எண்ணும் வரை நின்றால் அதுதான் முடிவு என்று ஒரு விதியை வைத்துக்கொண்டேன். எல்லாக் குவளைக்கும் அதே விதி.

புதிய நெல்லி: கொதித்த சாற்றுக் குவளை 6.0, பச்சைச் சாற்றுக் குவளை 1.8. வித்தியாசம் 4.2 மில்லிலீற்றர், 0.67ஆல் பெருக்கினால் கிராமுக்கு 2.8 மில்லிகிராம், 100 கிராமுக்கு 280. புதிய அட்டவணையின் எண்ணுக்கு அருகில் வந்து நின்றதைப் பார்த்ததும், முறை சரிதான் என்ற தைரியம் வந்தது.

பெட்டியில் காய்ந்தது: 4.6இலிருந்து 2.1 போக 2.5. அதாவது 100 கிராம் புதிய சதைக்கு 168 மில்லிகிராம், அறுபது வீதம். கூரையில் காய்ந்தது: 3.6இலிருந்து 2.3 போக 1.3. அது 87 மில்லிகிராம், முப்பத்தொரு வீதம். நேரடி நியமிப்பில் எழுபத்தைந்துக்கு அறுபது என்று நெருக்கமாக நின்ற இரண்டும் இப்போது இரண்டு மடங்கு விலகிவிட்டன. பச்சைச் சாற்றுக் குவளைகளை மட்டும் பாருங்கள்: 1.8, 2.1, 2.3. டானின் எங்கேயும் போகவில்லை, உலர்ந்ததில் சற்றுக் கூடியும் தெரிகிறது.

சிரிஞ்சில் கண் பார்த்து வாசிக்கும்போது 0.2 மில்லிலீற்றர் இங்கே அங்கே போகும். ஆகவே அறுபது என்பதை ஐம்பத்தைந்துக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவில் எங்கோ என்று வாசிக்க வேண்டும். இன்னொரு குறையும் உண்டு. விட்டமின் சி காற்றோடு சேர்ந்து முதலில் மாறுகிற வடிவம் உடம்புக்கு இன்னும் பயன்படும், ஆனால் அயடீன் அதைக் காணாது. உலர்ந்த நெல்லியில் அந்த வடிவமும் கொஞ்சம் இருக்கும். ஆக, என் எண்கள் சற்றுக் கஞ்சத்தனமானவை.

இனிச் சமையல். கொட்டை நீக்காமல் எடுத்துவைத்திருந்த முழு நெல்லியை இட்டலிச் சட்டியில் பத்து நிமிடம் ஆவியில் வைத்தேன். வித்தியாசம் 3.5, எண்பத்து மூன்று வீதம். கொட்டை விரல் பட்டவுடன் கழன்றது. தோல் மூடியிருந்ததாலும் நீரில் கிடக்காததாலும் இவ்வளவு மிஞ்சியது. அடுத்தது, துண்டுகளை நீரில் பதினைந்து நிமிடம் கொதிக்கவைத்தது. சதையில் 1.9 மட்டும், நாற்பத்தைந்து வீதம். சூடு அழித்துவிட்டது என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன், வடித்த நீரையும் அளக்காமல் விட்டிருந்தால். நீரில் 1.4 இருந்தது. இரண்டையும் கூட்டினால் 3.3, அதாவது எழுபத்தொன்பது வீதம். ஆவியில் வைத்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. கொதிநிலை அழித்தது சிறு பங்குதான், பெரும்பங்கு நீரில் இறங்கி நின்றுகொண்டிருந்தது. அந்த நீரைத் தொட்டியில் ஊற்றுவதுதான் இழப்பு. நெல்லி ரசம் வைப்பவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை.

சீனிப் பாகில் போடும் நெல்லிதான் மிக மோசமாகப் போனது, அதற்கும் காரணம் நீர்தான். எங்கள் வீட்டு முறையில் காயை முள்ளுக்கரண்டியால் சுற்றிலும் குத்தி, துவர்ப்பு இறங்க உப்புநீரில் போட்டு, நாளொரு தடவை நீரை மாற்றி, பிறகு வேகவைத்து அந்த நீரையும் கொட்டி, அதன் பின்தான் பாகு. குத்திய ஒவ்வொரு துளையும் விட்டமினுக்கும் வாசல். பாகில் இறங்கியதையும் சேர்த்துப் பார்த்தபோது ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாகவே மிஞ்சியது. பச்சைச் சாற்றுக் குவளையும் இங்கே 0.9க்கு இறங்கியிருந்தது, டானினும் உப்புநீரோடு போயிருக்கிறது. அம்மாவின் விதி இந்த ஓர் இடத்தில் பொருந்துகிறது: துவர்ப்பு போன இடத்தில் சத்தும் போயிருக்கிறது. கித்துள் பாணியில் போட்டதை அளக்க முடியவில்லை. அந்த நிறத்தில் நீலம் எங்கே தெரியும்? ஊறுகாயும் மஞ்சளாலும் மிளகாயாலும் அதே கதிதான்.

கடைசியாக, ஆவியில் நான்கு நிமிடம் மட்டும் வைத்து, கொட்டையை எடுத்து, சுளைகளைப் பெட்டியில் உலர்த்திப் பார்த்தேன். 2.9 வந்தது, அறுபத்தொன்பது வீதம். ஆவியில் கொஞ்சம் இழந்தாலும் நொதியங்கள் அப்போதே செத்துவிடுவதால் பெட்டிக்குள் இழப்பு குறைகிறது. நிறமும் மங்கிய பொன்னாக நின்றது, பச்சையாக உலர்த்தியது போலப் பழுப்பேறவில்லை. கத்தி வேலையும் மிச்சம்.

எனக்கு எவ்வளவு வேண்டும் என்பதையும் போட்டுப் பார்த்தேன். வளர்ந்த ஒருவருக்கு நாளைக்கு 45 மில்லிகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனமும் உணவு, விவசாய நிறுவனமும் சொல்லும் அளவு. ஆவிகாட்டி உலர்த்திய சுளை ஒரு கிராமில் 9 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, ஐந்து கிராம் மென்றால் போதும். கூரையில் காய்ந்தது என்றால் பத்துக் கிராமுக்குச் சற்று அதிகம். அதுவும் பயனற்றது அல்ல, பைக்கற்றில் போட்ட எண்ணை நம்பக் கூடாது என்பதுதான். புதிய நெல்லி என்றால் சிறிய காய் இரண்டு.

பொடி விஷயத்தில் மட்டும் முடிவாகச் சொல்வேன், வேண்டாம். கூரையில் காய்ந்ததில் ஒரு பகுதியைப் பொடித்து பிளாஸ்டிக் ஜாடியில் அடுக்களை அலுமாரியில் வைத்திருந்தேன். மழைக்காலம் முடிந்து திறந்தபோது பொடி கட்டிபட்டிருந்தது, நிறம் கோப்பித்தூளுக்குப் போயிருந்தது. வித்தியாசம் 0.4. சிரிஞ்சின் பிழையைக் கழித்தால் இருக்கிறது என்று சொல்வதற்கே துணிவு வேண்டும். நாக்கில் வைத்தால் துவர்ப்பு பழையபடியே இழுத்தது. அதே காலம் கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி இருட்டில் வைத்த பெட்டிச் சுளைகள் 2.0க்கு மேல் காட்டின. முழுச் சுளையாகவே வைத்து, வேண்டும்போது இடிப்பதுதான் இந்த ஈரக் காற்றுக்கு ஏற்றது.

அடுத்த தடவை சிரிஞ்சை விட்டுவிட்டு, 25 மில்லிலீற்றர் அளவி ஒன்றைப் பாடசாலை ஆய்வுகூடப் பொருள்கள் விற்கும் கடையில் வாங்கப்போகிறேன். பெட்டியில் விசிறியைப் பின்பக்கத்திலிருந்து அடிப்பக்கத்துக்கு மாற்ற வேண்டும், தட்டுக்குத் தட்டு சூடு வேறுபடுவது அப்போது குறையும். தகரக் கூரைப் பங்கு இனி இல்லை, மேகம் இறங்காத பசறைப் பக்கம் வீடு இருந்திருந்தால் அதையும் இன்னொரு தடவை பார்த்திருப்பேன். உப்புநீரில் போடாமல், ஆவியில் மட்டும் வேகவைத்து, அந்த ஆவி நீரையே பாகுக்கு எடுத்தால் எவ்வளவு நிற்கும் என்பதுதான் இப்போது அளக்க வேண்டியது. துவர்க்கும் என்று அம்மா சொல்கிறார். துவர்க்கத்தான் செய்யும்.